குடும்பத்துக்கு ஒரு நாட்காட்டி



நம் இல்லங்களில் நாட்காட்டி சுவரில் தொங்குவது வழக்கம். பாட்டியார் அதில் ஏகாதசி பார்ப்பார்; அம்மா பால் கணக்கை அதன் ஓரத்தில் குறிப்பார். ஆனால் அதைப் பார்க்க வேண்டியவர்களில் பாதிப் பேர் பகலில் வீட்டில் இருப்பதில்லை. கைப்பேசியில் ஒரே நாட்காட்டியைக் குடும்பத்தார் யாவரும் பகிர்ந்துகொண்டால் இக்குறை தீரும். அதைத் தொடங்குவது எளிது. ஆனால் அது பொய் சொல்லாதபடி பார்த்துக்கொள்வதில்தான் நுட்பம் இருக்கிறது.

எங்கள் இல்லம் காரைக்காலை அடுத்த தருமபுரத்தில், யாழ்மூரிநாதர் கோயிலுக்கு அண்மையில் உள்ளது. தாயாரும் மனைவியும் வீட்டில் இருக்கிறார்கள். மகள் காரைக்காலில் படிக்கிறாள். நான் நாகப்பட்டினத்தில் பணிபுரிகிறேன். தம்பி பிரான்ஸில் இருக்கிறான். பிரெஞ்சு ஆட்சியின் தொடர்பால் இவ்வட்டாரத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கு அந்நாட்டில் உறவினர் உண்டு. இந்த ஐவருக்கும் பொதுவாகக் கூகுள் நாட்காட்டி ஒன்றை என் மகள் அமைத்தாள்.

கணினியில் நாட்காட்டியைத் திறந்து, Create new calendar என்பதைத் தேர்ந்து, ‘இல்லம்’ என்று அவள் பெயரிட்டாள். பிறகு அதன் அமைப்புப் பக்கத்தில் மற்ற நால்வரின் மின்னஞ்சல் முகவரிகளையும் சேர்த்தாள். அங்கே ஒவ்வொருவருக்கும் என்ன உரிமை என்று இயந்திரம் கேட்கும். Make changes to events என்பது எழுதவும் திருத்தவும் உரிமை தருவது. See all event details என்பது பார்க்க மட்டும். என் தாயாருக்குப் பார்க்கும் உரிமை போதும் என்று நான் சொன்னேன். பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்தவர் அவர் ஒருவரே என்று மகள் மறுத்துவிட்டாள். அவள் சொன்னதே நியாயம்.

இனி, நாட்களைக் குறிக்கும் முறைக்கு வருவோம். ஆகஸ்டு 16, நவம்பர் 1 ஆகிய இரண்டும் புதுச்சேரி மாநிலத்தில் விடுமுறை நாட்கள். 1954 நவம்பர் 1-இல் ஆட்சி நடைமுறையில் இந்தியாவின் கைக்கு வந்தது. 1962 ஆகஸ்டு 16-இல் சட்டப்படி இணைப்பு நிறைவெய்தியது. ஆண்டுதோறும் தேதி மாறாத இத்தகைய நாட்களை ஒருமுறை எழுதி, Annually என்று குறித்தால் போதும். அவை தாமே ஆண்டுதோறும் வரும். ஆனால் ‘விடுமுறை’ என்று மட்டும் எழுதலாகாது. அன்று மகளுக்குப் பள்ளி இல்லை; எல்லைக்கு அப்பால் எனக்கோ அலுவலகம் உண்டு. ஆகவே ‘காரைக்கால் பள்ளி விடுமுறை’ என்று எழுதுகிறோம். இடப்பெயரிலும் இந்த எச்சரிக்கை வேண்டும். தருமபுரம் என்றதும் மயிலாடுதுறையில் உள்ள ஆதீனத்தை நினைப்பவரே மிகுதி. வெறும் தருமபுரம் என்று எழுதினால், வெளியூர் விருந்தினர் அங்கே போய் இறங்கக்கூடும்!

ஆண்டுதோறும் என்னும் அதே பொத்தானைத் திருவிழாவுக்கு அழுத்தினால்தான் நாட்காட்டி பொய் சொல்லத் தொடங்குகிறது. காரைக்கால் அம்மையாரின் மாங்கனித் திருவிழாவை எடுத்துக்கொள்வோம். மாடிகளிலிருந்து பக்தர்கள் மாம்பழம் வீச, கீழே ஏந்தக் கூட்டம் திரளும் அந்த நாள் ஆனிப் பௌர்ணமியை ஒட்டியது. 2024-இல் அது ஜூன் 21. 2025-இல் ஜூலை 10. முதல் ஆண்டில் குறித்துவிட்டு ஆண்டுதோறும் என்று விட்டிருந்தால், மறு ஆண்டில் 19 நாள் முன்னதாகவே நினைவூட்டல் ஒலித்திருக்கும். உண்மைத் திருநாளன்று ஒரு சொல்லும் வந்திராது. திங்களைக் கொண்டு கணிக்கும் நாள், ஞாயிற்றைக் கொண்டு கணிக்கும் ஆங்கிலத் தேதியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 11 நாள் பின்வாங்கும். சில ஆண்டுகளில் ஒரு முழுத் திங்கள் தாண்டி முன்னே வரும். ஆதலின் சித்திரையில் புதுப் பஞ்சாங்கம் வந்ததும் ஒரு மாலை நாங்கள் அமர்கிறோம். தாயார் படிக்க, மகள் அவ்வோராண்டுக்கு மட்டும் எழுதுகிறாள். குறிப்புப் பகுதியில் ‘ஆனிப் பௌர்ணமி’ என்ற காரணத்தையும் சேர்க்கிறாள். பின்னால் ஐயம் எழுந்தால் சரிபார்க்கலாம் அல்லவா?

பஞ்சாங்கமும் ஒன்றல்ல. திருநள்ளாற்றுச் சனிப்பெயர்ச்சி இதற்குச் சான்று. திருக்கணிதப்படி 2025 மார்ச் 29 என்று பலர் எழுதிவைத்தனர். கோயிலோ வாக்கிய முறையைப் பின்பற்றுவது. அன்று அங்கே பெயர்ச்சி விழா இல்லை என்றும், அது 2026-இல்தான் என்றும் கோயிலார் அறிவித்தனர். நாள் கணிப்பில் கட்சி சேர்வது நம் வேலையன்று. போகவேண்டிய கோயில் எந்த முறையைக் கொள்கிறது என்று அறிந்து எழுதுவதே நம் வேலை. பிறை பார்த்து உறுதியாகும் ரம்ஜான் போன்ற நாட்களின் முன்னால் ஒரு கேள்விக்குறி இடுகிறோம். உறுதியானதும் அதை நீக்குகிறோம்.

அடுத்தது நினைவூட்டல். குடும்பங்கள் பெரிதும் ஏமாறுவது இங்கேதான். நாட்காட்டி பொதுவாக இருப்பினும், நினைவூட்டல் பொதுவன்று. தாயாரின் கண் பரிசோதனை காலை 9.30-க்கு என்று நான் எழுதி, முதல் நாளே மணி ஒலிக்கச் செய்தால், அது என் கைப்பேசியில்தான் ஒலிக்கும். உடன் செல்ல வேண்டிய என் மனைவியின் கைப்பேசி ஊமையாக இருக்கும். ஒவ்வொருவரும் தத்தம் கணக்கில் ‘இல்லம்’ நாட்காட்டியின் அமைப்பைத் திறந்து, Event notifications என்ற இடத்தில் தமக்கு வேண்டிய நேரத்தைத் தாமே குறிக்க வேண்டும். எங்களில் அனைவரும் ஒரு நாள் முன்பு ஒன்று, 10 நிமிடம் முன்பு ஒன்று என இரண்டு வைத்திருக்கிறோம். பள்ளி ஆண்டு விழாபோல் நேரம் குறிக்காத முழுநாள் நிகழ்ச்சிகளுக்கு All-day event notifications என்று தனி இடம் உண்டு. அதில் முதல் நாள் மாலை என்று வைத்தோம். நாடக உடையைத் தேய்த்து வைக்க ஓர் இரவாவது வேண்டும்.

எல்லாம் செவ்வனே அமைந்ததா என்று அறிய ஒரு வழி உண்டு. வீட்டிலுள்ள கைப்பேசிகளை மேசைமேல் பரப்பிவைத்து, 15 நிமிடம் கழித்து ‘சோதனை’ என்று ஒரு நிகழ்ச்சியை எழுதுங்கள். ஐந்து நிமிடத்தில் எல்லாக் கருவிகளும் ஒலிக்க வேண்டும். ஒரு கருவியில் நிகழ்ச்சியே தென்படவில்லையெனில், மின்னஞ்சலில் வந்த அழைப்பை அவர் ஏற்கவில்லை, அல்லது அந்த நாட்காட்டி அவர் கருவியில் மறைந்திருக்கிறது என்று பொருள். நிகழ்ச்சி தெரிந்தும் ஒலி வரவில்லையெனில், நினைவூட்டல் வைக்கப்படவில்லை, அல்லது ஒலிக்கக் கைப்பேசி இசைவு தரவில்லை. எழுதியவர் கருவியில் மட்டும் நிகழ்ச்சி தெரிந்தால், அவர் அதைப் பொது நாட்காட்டியில் எழுதாமல் தம் சொந்த நாட்காட்டியில் எழுதிவிட்டார். நிறத்தைக் கண்டே இதை அறியலாம்: எங்கள் ‘இல்லம்’ பச்சை.

பிரான்ஸிலுள்ள தம்பியின் செய்தி ஒன்று எஞ்சியிருக்கிறது. ஞாயிறுதோறும் தாயாரோடு பேசும் நேரத்தை அவன் அங்கிருந்தே, அந்நாட்டு நேரப்படி மாலை 4 மணி என்று எழுதினான். கோடையில் அது நமக்கு இரவு 7.30. அக்டோபர்க் கடைசி ஞாயிறன்று அந்நாட்டார் கடிகாரத்தை ஒரு மணி பின்னுக்குத் தள்ளுகின்றனர், நாம் தள்ளுவதில்லை. அன்று முதல் அதே பேச்சு நம் நாட்காட்டியில் 8.30 என்று மாறிவிடும். தாயார் உறங்கச் செல்லும் வேளை அது. ஆகவே அந்த நிகழ்ச்சியை அழித்து, இந்திய நேரம் இரவு 7.30 என்று நானே மறுபடி எழுதினேன். இப்போது நேரம் மாறுவது அவன் பக்கத்தில்தான். குளிர்காலத்தில் 3 மணிக்கே அவனை அது அழைக்கிறது.