ஜனவரி நோட்டீஸ் ஏன் ஏப்ரலில் வரவில்லை?

(நம் குடியிருப்பின் காலாண்டுக் கூட்டத்தில் அலுவலகக் குழு உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

டீ ஆறுவதற்குள் முடித்துவிடப் பார்க்கிறேன்.

ஜனவரியில் ஓவர்ஹெட் டேங்க் கழுவியபோது ஒட்டிய நோட்டீஸ் உங்களுக்கு நினைவிருக்கலாம். தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. எந்த பிளாக்கில் எப்போது தண்ணீர் நிற்கும் என்று முதல் வரியிலேயே இருந்தது. அதை ஏஐ செயலியில்தான் எழுதினேன். நன்றாக இருக்கிறது என்று பலர் சொன்னீர்கள். ஏப்ரலில் மறுபடி டேங்க் கழுவும் வேலை வந்தது. நான் ஊரில் இல்லை. குழுவில் இருக்கும் பி பிளாக் அக்காவுக்கு என் பிராம்ப்டை, அதாவது செயலிக்குக் கொடுத்த கட்டளையை, வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். வந்த நோட்டீஸில் "மாலை 5 மணிக்குத் தண்ணீர் வந்துவிடும்" என்று இருந்தது. அந்த நேரத்தை யாரும் சொல்லவில்லை. வேலை முடிந்தது ஏழரை மணிக்கு. செயலாளர் சாருக்கு வந்த போன்களைப் பற்றி அவரே சொல்வார்.

"நீங்கள் அனுப்பியதைத்தானே அப்படியே போட்டேன்?" என்றார் அக்கா. அவர் சொன்னது சரி. தவறு என்னுடையது.

என் பழைய உரையாடலைத் திறந்து பார்த்தேன். நான் அனுப்பியது முதல் செய்தியை மட்டும். அதற்குப் பிறகு ஏழு முறை திருத்தம் சொல்லியிருந்தேன். "நீளம் குறை", "தேதி மேலே வரட்டும்", "நான் சொல்லாத நேரத்தைப் போடாதே" என்று ஒவ்வொன்றாக. ஒரே உரையாடலுக்குள் இருக்கும்வரை, முன்னால் பேசியதை எல்லாம் வைத்துக்கொண்டுதான் செயலி பதில் தரும். வேறொருவர் கணக்கில் புது உரையாடல் திறந்தால் அந்த ஏழு திருத்தமும் அங்கே கிடையாது. போதாததற்கு, என் கணக்கின் அமைப்பில் "எளிய தமிழில் சுருக்கமாக எழுது" என்று எப்போதோ போட்டு வைத்திருந்தேன். அக்காவின் கணக்கில் அது இல்லை. ஜனவரியில் நன்றாக வந்ததற்கான காரணங்களில் பாதி நான் அனுப்பாத இடங்களில் இருந்தது.

அன்று ஆரம்பித்ததுதான் நம் கூகுள் ஷீட். குழுவில் ஆறு பேரும் அதைத் திறக்கலாம். முதல் வேலையாக, ஏழு திருத்தங்களையும் ஒரே பிராம்ப்டாகக் கோத்தோம். பிறகு அதை என் கணக்கில் அல்ல, அக்காவின் கணக்கில், புது உரையாடலில் போட்டுப் பார்த்தோம். எழுதியவர் கணக்கில் நன்றாக வருவதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அடுத்தவர் கணக்கில் வந்தால்தான் ஷீட்டில் ஏற்றுகிறோம்.

இப்போது இருக்கும் வடிவம் இது:

"அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிப்பவர்களுக்கு ஒரு நோட்டீஸ் எழுது. கீழே உள்ள விவரங்களை மட்டும் பயன்படுத்து. தரப்படாத நேரம், தேதி, தொகை, தொலைபேசி எண் எதையும் சேர்க்காதே. தேவையான விவரம் காலியாக இருந்தால் அந்த இடத்தில் 'கேட்க வேண்டும்' என்று எழுது. முதல் வரியில் தேதியும் பிளாக்கும் வர வேண்டும். பத்து வரிக்குள் முடி. நடை, கீழே உள்ள மாதிரியைப் போல இருக்கட்டும். பிறகு அதையே ஆங்கிலத்தில் தனியாகக் கொடு."

இதற்குக் கீழே விவரங்களை நிரப்பும் இடம்: வேலை, தேதி, பிளாக், தண்ணீர் நிற்கும் நேரம், திரும்ப வரும் நேரம், நாம் செய்ய வேண்டியது. அதற்கும் கீழே மாதிரி நோட்டீஸ் ஒன்று.

பிராம்ப்டைவிட, ஷீட்டில் அதற்குப் பக்கத்தில் இருக்கும் குறிப்புக் கட்டம்தான் எங்களுக்கு அதிகம் உதவுகிறது. இரண்டு உதாரணம் சொல்கிறேன். முதலில் "தராத நேரத்தைச் சேர்க்காதே" என்று மட்டும் எழுதியிருந்தோம். செயலி நேரத்தைப் போடவில்லைதான், ஆனால் "விரைவில் சீராகும்" என்று மழுப்பியது. படிப்பவருக்கு அதனால் என்ன பயன்? அதன் பிறகுதான் 'கேட்க வேண்டும்' வந்தது. செய்யாதே என்பதோடு, பதிலாக என்ன செய்ய வேண்டும் என்றும் சொன்னதும் சரியாகிவிட்டது. நமக்கும் எந்த விவரம் பாக்கி என்று கண்ணில் படுகிறது.

இரண்டாவது, நடை. "அலுவலகத் தமிழ் வேண்டாம்" என்று எழுதிப் பார்த்தோம். "மேற்படி பணியினை முன்னிட்டு" போகவே இல்லை. ஜனவரி நோட்டீஸை மாதிரியாக ஒட்டியதும் போய்விட்டது. ஆனால் வேறு வம்பு வந்தது. லிப்ட் சர்வீஸ் நோட்டீஸில், மாதிரியில் இருந்த சி பிளாக்கும், பக்கெட்டில் தண்ணீர் பிடித்து வைக்கச் சொன்ன வரியும் வந்து உட்கார்ந்துகொண்டன! மாதிரியில் இருந்த தேதி, பிளாக், நேரம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுக் கோடு போட்டோம். தண்ணீர் வரியையும் பொதுவாக மாற்றினோம். அதன் பிறகு அப்படி வரவில்லை.

இதையெல்லாம் எழுதி வைக்காவிட்டால் என்ன ஆகும் என்றும் பார்த்துவிட்டோம். பொருளாளர் சார் ஒருநாள் பிராம்ப்ட் நீளமாக இருக்கிறதே என்று 'கேட்க வேண்டும்' வரியை நீக்கிவிட்டார். அந்த வரி எதற்கென்று அப்போது குறிப்பில் இல்லை, அவரைச் சொல்லிக் குற்றமில்லை. இப்போது ஒவ்வொரு விசித்திர வரிக்கும் காரணம் பக்கத்தில் இருக்கிறது. சரிப்படாமல் விட்டவையும் இருக்கின்றன, இல்லாவிட்டால் அடுத்தவர் அதையே மறுபடி முயல்வார்.

யாராவது ஒரு வரியை மாற்றினால் சோதிப்பதற்கு மூன்று பழைய விவரத் தொகுப்புகளை வைத்திருக்கிறோம். டேங்க் வேலை ஒன்று, லிப்ட் ஒன்று, ஆண்டுப் பொதுக்கூட்டம் ஒன்று. டேங்க் தொகுப்பில் தண்ணீர் திரும்ப வரும் நேரத்தை வேண்டுமென்றே காலியாக விட்டிருக்கிறோம். அங்கே ஒரு நேரம் முளைத்தால் மாற்றம் சரியில்லை என்று அர்த்தம். மூன்றையும் தனித்தனி உரையாடலில் இரண்டிரண்டு முறை ஓட்ட வேண்டும். ஒரே பிராம்ப்டுக்கு ஒவ்வொரு முறையும் அதே பதில் வராது, ஒருமுறை நன்றாக வந்தது தற்செயலாகவும் இருக்கலாம். ஒரு நேரத்தில் ஒரு வரியை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. பழைய வடிவத்தை அழிக்காமல், தேதி போட்டு அடுத்த தாளுக்கு நகர்த்துகிறோம்.

எந்தச் செயலி, எந்தப் பதிப்பு என்றும் ஒரு கட்டம் இருக்கிறது. பதிப்பு மாறினால் அதே பிராம்ப்டின் பதில் மாறலாம். ஒருமுறை நோட்டீஸ் முழுக்கத் தலைப்பும் நட்சத்திரக் குறியுமாக வந்தது. நாங்கள் எதையும் தொடவில்லை. கட்டத்தைப் பார்த்ததும் பதிப்பு மாறியிருப்பது தெரிந்தது, "குறியீடுகள் வேண்டாம்" என்று ஒரு வரி சேர்த்துச் சோதித்துக்கொண்டிருக்கிறோம். அது தேறினால் மேலே சொன்ன வடிவத்தில் ஏறும்.

ஷீட்டில் வராதவையும் உண்டு. மெயின்டனன்ஸ் பாக்கிக் கடிதத்துக்குப் பிராம்ப்ட் இருக்கிறது, ஆனால் பெயர், பிளாட் எண், தொகை மூன்றும் செயலிக்குள் போகாது. கடிதம் வந்த பிறகு கையால் நிரப்புகிறோம். இரண்டு வீட்டுக்கு இடையிலான தகராறு பேசிய கூட்டத்தின் மினிட்ஸை ஆள்தான் எழுதுகிறார். நோட்டீஸ் எதுவானாலும், ஒட்டுமுன் தமிழையும் ஆங்கிலத்தையும் தனித்தனியாக ஒருவர் விவரத்தோடு ஒப்பிட வேண்டும். தமிழில் சரியாக இருந்த நேரம் ஆங்கிலத்தில் காலை, மாலை மாறி வந்திருக்கிறது.

ஆரம்பத்தில் ஆர்வத்தில் இருபத்து மூன்று பிராம்ப்ட் சேர்த்தோம். யாரும் தொடாதவற்றை எடுத்தபின் இப்போது இருப்பது பதினொன்று. உங்களில் யாராவது ஒன்று தர விரும்பினால், பிராம்ப்டோடு, அதற்குக் கொடுத்த விவரத்தையும், வந்த பதிலையும், நடுவில் சொன்ன திருத்தங்களையும் சேர்த்து அலுவலகத்தில் கொடுங்கள். வேறொருவர் கணக்கில் போட்டுப் பார்த்துவிட்டு ஏற்றுகிறோம். அடுத்த டேங்க் வேலையின் தேதியை கான்ட்ராக்டர் இன்னும் சொல்லவில்லை. அதுவரை ஷீட்டில் அந்த இடத்தில் 'கேட்க வேண்டும்' என்றுதான் இருக்கிறது.