பாதித் தவணை கட்டினால் பாதிக் கடன் தீருமா?

(குறுவள மையக் கூட்டத்தில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஏழாம் வகுப்பில் தனி வட்டி நடத்துகிறோம். எட்டாம் வகுப்பில் கூட்டு வட்டி நடத்துகிறோம். அந்தக் கணக்குகளில் பெரும்பாலும் கடன் வாங்கியவர் காலம் முடியும்வரை அசலில் ஒரு ரூபாயும் திருப்பித் தருவதில்லை. கடைசி நாளில் வட்டியோடு சேர்த்து மொத்தமாகத் தருகிறார். ஆனால் நம் மாணவர்களின் வீடுகளில் இருக்கும் வண்டிக் கடன் அப்படிப்பட்டதல்ல. அது மாதாமாதம் டியூ கட்டும் கடன். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் நான் ஒரு தவறு செய்தேன். அதைத்தான் இன்று உங்களிடம் சொல்லப் போகிறேன்.

எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஒரு நாள் டியூ அட்டையோடு வந்தாள். அவளுடைய அப்பா கொத்தனார். வேலைக்குப் போய்வர இருசக்கர வாகனம் வாங்கியிருந்தார். கடன் 72,000 ரூபாய். வட்டி ஆண்டுக்கு 10 சதவீதம். இரண்டு ஆண்டு. மாதம் 3,600 ரூபாய் வீதம் 24 டியூ. அதில் 12 டியூவை ஒன்றுகூடத் தவறாமல் கட்டிவிட்டார். சீட்டுப் பணம் கைக்கு வந்ததால் கடனை முடித்துவிடலாம் என்று போனால், இன்னும் 39,235 ரூபாய் அசல் நிற்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள்.

“பாதி டியூ கட்டியாச்சு சார். அப்போ பாதிக் கடன்தானே இருக்கணும்? ஏமாத்துறாங்களா?” என்று கேட்டாள்.

நான் கரும்பலகையிலேயே போட்டேன். 72,000 ரூபாய்க்கு 10 சதவீதம், இரண்டு ஆண்டுக்கு வட்டி 14,400. மொத்தம் 86,400. அதை 24ஆல் வகுத்தால் 3,600. டியூ சரியாக வருகிறது. ஒவ்வொரு டியூவிலும் அசல் 3,000, வட்டி 600. பன்னிரண்டு டியூவில் அசல் 36,000 அடைந்துவிட்டது. “மீதி 36,000தான்மா. அப்பாவைக் கேட்கச் சொல்லு” என்றேன்.

அவர் போய்க் கேட்டார். வாக்குவாதம் ஆகியிருக்கிறது. “எங்க பிள்ளையோட வாத்தியார் கணக்குப் போட்டுக் கொடுத்தார்” என்று என் பெயரையும் சொல்லியிருக்கிறார். அவர்கள் ஒரு அட்டவணையைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். அதை வாங்கிப் பார்த்த பிறகுதான் தவறு என் பக்கம் என்று தெரிந்தது.

நான் போட்ட கணக்கையே கடைசி மாதம்வரை கொண்டுபோய்ப் பாருங்கள். முதல் மாதம் அவர் கையில் 72,000 ரூபாய்க் கடன் இருக்கிறது, அதற்கு வட்டி 600. சரி. இருபத்து நான்காம் மாதம் மீதி இருப்பது 3,000 ரூபாய்தான். அதற்கும் வட்டி 600! மூவாயிரம் ரூபாய்க்கு ஒரு மாத வட்டி 600 என்றால் நூற்றுக்கு 20 ரூபாய். இதை நாம் பத்து சதவீத வட்டி என்று சொல்ல முடியுமா?

இதுதான் ஃபிளாட் ரேட் என்னும் நிலையான வட்டி. முதல் நாள் வாங்கிய தொகைக்கே கடைசி நாள்வரை வட்டி போடுவது. இடையில் திருப்பித் தந்த பணம் கணக்கில் வராது. மற்றொன்று ரெடியூசிங் பேலன்ஸ், அதாவது குறையும் நிலுவைக்கு வட்டி. ஒவ்வொரு மாதமும் எவ்வளவு அசல் நிற்கிறதோ அதற்கு மட்டும் வட்டி. டியூவில் வட்டி போக மீதி அசலில் கழியும். அடுத்த மாதம் குறைந்த அசலுக்குக் குறைந்த வட்டி.

அப்படியானால் இந்தக் கொத்தனாரின் கடனைக் குறையும் நிலுவை முறையில் சொன்னால் வட்டி எத்தனை சதவீதம்? இதற்குச் சூத்திரத்தில் நேரடியாக விடை கிடைக்காது. ஒரு வீதத்தை ஊகித்து, 24 வரிசை எழுதிப் பார்த்து, கடைசியில் கடன் பூச்சியத்துக்கு வருகிறதா என்று சரிபார்க்க வேண்டும். மறுநாள் வகுப்பில் மாணவர்களைக் குழுவாகப் பிரித்து, கணிப்பானைக் கொடுத்து இதைச் செய்ய வைத்தேன்.

மாதம் 1 சதவீதம் என்று வைத்த குழுவுக்கு, 24 டியூ முடிந்தபோது சுமார் 5,680 ரூபாய் அதிகமாகக் கட்டியதாக வந்தது. அப்படியானால் உண்மையான வீதம் இதைவிட அதிகம். மாதம் 2 சதவீதம் வைத்த குழுவுக்கு, 24 டியூவும் கட்டிய பிறகு சுமார் 6,290 ரூபாய் மீதி நின்றது. அப்படியானால் வீதம் இதைவிடக் குறைவு. 1.5 சதவீதம் வைத்தவர்களுக்கு சுமார் 156 ரூபாய்தான் அதிகம் வந்தது. ஏறக்குறைய வந்துவிட்டோம். இன்னும் நெருங்கிப் பார்த்தால் மாதம் 1.513 சதவீதம். ஆண்டுக்கு 18.16 சதவீதம்.

கணினி உள்ள பள்ளிகளில் விரிதாளில் ஒரே வரியில் இதைச் சரிபார்க்கலாம்:

```
=RATE(24,-3600,72000)*12
```

இந்த வீதத்தில் முதல் மாத வட்டி 1,089 ரூபாய், அசலில் கழிவது 2,511. இரண்டாம் மாத வட்டி 1,051, அசலில் கழிவது 2,549. இப்படி வட்டி குறைந்துகொண்டே வந்து, கடைசி டியூவில் வட்டி 54 ரூபாய்தான். வட்டியின் பெரும்பகுதி முன்பாதியிலேயே போய்விடுகிறது. முதல் 12 டியூவில் கட்டிய 43,200 ரூபாயில் வட்டி 10,435, அசல் 32,765. அதனால்தான் 36,000 என்று நாம் நினைத்த இடத்தில் 39,235 நிற்கிறது. அவர்கள் சொன்ன எண் சரிதான். பாதி டியூ கட்டினால் பாதிக் கடன் தீராது.

வகுப்பில் ஒரு மாணவன் கேட்ட கேள்வி மிக நல்ல கேள்வி. “பத்துன்னு சொல்லிட்டு பதினெட்டு வாங்குறாங்கன்னா, 14,400க்கு மேல வாங்குறாங்களா சார்?” இல்லை. வட்டி ரூபாய் அதே 14,400தான். ஒரு பைசாகூடக் கூடவில்லை. மாறியது வகுக்கும் எண். ஃபிளாட் முறையில் ஓராண்டு வட்டி 7,200ஐ 72,000ஆல் வகுக்கிறோம். 10 சதவீதம் வருகிறது. ஆனால் இரண்டு ஆண்டும் அவரிடம் 72,000 ரூபாய்க் கடன் இருந்ததா? மாதாமாதம் குறைந்துகொண்டே வந்த நிலுவையின் சராசரியைப் பார்த்தால் அது சுமார் 39,650 ரூபாய். அதே 7,200ஐ இந்த 39,650ஆல் வகுத்துப் பாருங்கள், 18.16 வரும். ஏறக்குறைய பாதிப் பணத்தைத்தான் பயன்படுத்தினார், முழுப் பணத்துக்கும் வட்டி கொடுத்தார். உண்மை வீதம் உயர்ந்து தெரிவதற்குக் காரணம் இவ்வளவுதான்.

சரி, ரூபாய் மாறாதபோது சதவீதத்தைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும்? இரண்டு இடங்களை ஒப்பிடும்போதுதான் சிக்கல். அந்தக் கொத்தனாருக்கு வேறோர் இடத்தில், குறையும் நிலுவைக்கு 12 சதவீதம் என்ற முறையில் கடன் கிடைக்க வாய்ப்பிருந்தது. “பன்னிரண்டை விடப் பத்து குறைவுதானே” என்று இதை எடுத்திருக்கிறார். அந்த 12 சதவீதத்தில் டியூ சுமார் 3,389 ரூபாய்தான் வந்திருக்கும். மொத்த வட்டி 9,343. மாதம் 211 ரூபாய், இரண்டு ஆண்டில் 5,057 ரூபாய் மிச்சமாகியிருக்கும். எண் சிறியது என்பதற்காக எடுத்த கடன்தான் விலை கூடியது.

ஒரு சிறு வழிகாட்டி சொல்கிறேன். ஒன்றிலிருந்து மூன்று ஆண்டுவரையிலான மாதத் தவணைக் கடனில், ஃபிளாட் வீதத்தை 1.8ஆல் பெருக்கினால் உண்மை வீதம் ஏறக்குறைய வந்துவிடும். 8 சதவீதம் என்றால் 14.5க்கு அருகில், 12 சதவீதம் என்றால் 21.5க்கு அருகில். இது தோராயம்தான். ஆவணக் கட்டணம், பரிசீலனைக் கட்டணம் என்று முதலிலேயே பிடித்தால் இதுவும் போதாது. நம் கணக்கிலேயே 1,440 ரூபாய் பிடித்துக்கொண்டு 70,560 ரூபாய் மட்டும் கொடுத்திருந்தால், டியூ அதே 3,600ஆக இருக்க, உண்மை வீதம் 20 சதவீதத்தைத் தாண்டிவிடும்.

இதையெல்லாம் ஒவ்வொருவரும் உட்கார்ந்து போட வேண்டியதில்லை. ரிசர்வ் வங்கி 2024 ஏப்ரல் மாதம் வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, 2024 அக்டோபர் 1 முதல் வழங்கப்படும் புதிய தனிநபர் கடன்களுக்கு, வங்கிகளும் நிதி நிறுவனங்களும் கடன் விவரங்களைச் சுருக்கமாகச் சொல்லும் ஓர் அறிக்கையைக் கையெழுத்துக்கு முன்பே தர வேண்டும். அது கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். கட்டணங்களையும் சேர்த்துக் கணக்கிட்ட ஆண்டு வீதம் அதில் ‘ஏ.பி.ஆர்.’ என்ற பெயரில் இருக்கும். மாதவாரி அட்டவணையும் இருக்கும். ஷோரூமில் சொல்லும் சதவீதத்தை விட்டுவிட்டு, இரண்டு இடத்திலும் இந்த ஏ.பி.ஆரை வாங்கி ஒப்பிட்டால் போதும். அதுவும் புரியவில்லை என்றால், ஒரே தொகைக்கு, ஒரே காலத்துக்கு டியூ எவ்வளவு, முதலில் பிடிப்பது எவ்வளவு என்று கேட்டால் போதும்.

கடைசியில் அந்தக் கொத்தனார் என்ன செய்தார் என்று சொல்லி முடிக்கிறேன். பள்ளிக்கு வரவழைத்து, முதலில் என் தவற்றை ஒப்புக்கொண்டேன். பிறகு இருவரும் சேர்ந்து கணக்குப் பார்த்தோம். மீதி 12 டியூவையும் கட்டினால் 43,200. இப்போதே முடித்தால் 39,235. மிச்சம் 3,965. முன்கூட்டி முடிப்பதற்கு அவர்கள் கேட்ட கட்டணம் 1,500. அது போக 2,465 ரூபாய் நிற்கும். பாதிக் காலம் மீதி இருப்பதால் பாதி வட்டி, 7,200 ரூபாய் மிச்சமாகும் என்று அவர் நினைத்திருந்தார். சிறிது நேரம் அட்டவணையையே பார்த்துக்கொண்டிருந்தார். “இது எனக்கு ஆறாவது மாசமே தெரிஞ்சிருந்தா சீட்டைத் தள்ளியாவது எடுத்திருப்பேனே சார்” என்றார்.

அன்று முதல் தனி வட்டிப் பாடம் முடிந்ததும், ஒரு வகுப்பு நேரத்தை ஒதுக்கி இந்த 24 வரிசை அட்டவணையை மாணவர்களை எழுத வைக்கிறேன். முதல் வரிசையில் 72,000, டியூ 3,600. மீதியை அவர்களே நிரப்புவார்கள். உங்கள் வகுப்பிலும் எழுத வைத்துப் பாருங்கள்.