துண்டு துண்டா வந்த பாடத்தை ஒரே குறிப்பா மாத்துறது எப்படி?

கொல்லிமலை குண்டனி நாட்டிலிருந்து ஒரு நேயர் கேட்டிருக்காங்க: "குரூப் 4-க்குப் படிக்கிறோம். பத்தாம் வகுப்பு சமூக அறிவியல்ல பாளையக்காரர் கிளர்ச்சிப் பாடத்தை நண்பர் போட்டோவா அனுப்பினார். இங்க சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும், அதனால அஞ்சு தவணையா வந்துச்சு. இதை வரிசை மாறாம ஒரே குறிப்பா எப்படி எழுதுறது?"

நல்ல கேள்வி. அந்தப் பாடத்தையே வச்சுப் பார்ப்போம்.

முதல்ல, சுருக்க ஆரம்பிக்காதீங்க, அடுக்குங்க. வாட்ஸ்அப் படத்தோட பேர்ல `WA0007`, `WA0008`னு இருக்கிறது புத்தகத்தோட பக்க எண் இல்லை. ஒவ்வொரு படத்திலும் அச்சான பக்க எண்ணைப் பார்த்து `01`, `02`னு பேர் மாத்துங்க. முன்னாடி அந்த சைபர் முக்கியம். இல்லைன்னா சில போன்களில் 10, 2-க்கு முன்னாடி போய் நிற்கும். பக்க எண் வெட்டுப்பட்டிருந்தா, ஒரு பக்கத்தோட கடைசி வரி அடுத்த பக்கத்தோட முதல் வரியோட வாக்கியமா சேருதான்னு படிச்சுப் பாருங்க. சேரலைன்னா நடுவில ஒரு பக்கம் வரலைன்னு அர்த்தம். அதைக் கேட்டு வாங்கின பிறகுதான் அடுத்த வேலை.

அடுத்து, ஒரு வெள்ளைத்தாள்ல தலைப்புகளை மட்டும் எழுதுங்க. பாளையக்காரர் முறை, பூலித்தேவர், வேலுநாச்சியார், கட்டபொம்மன், மருது சகோதரர்கள், தீரன் சின்னமலை, வேலூர்ப் புரட்சி. இதுதான் உங்க குறிப்போட முதுகெலும்பு. ஒவ்வொரு துண்டிலிருந்தும் எடுக்கிற விஷயம் இதுல ஏதோ ஒரு தலைப்புக்குக் கீழேதான் உட்காரணும்.

இனிமேதான் நிஜமான சிக்கல். தப்பு அதிகம் நடக்கிற இடம் ரெண்டு துண்டு சேர்ற ஓரம்தான். மூணாவது துண்டு கட்டபொம்மனோட முடியுது, நாலாவது துண்டு "அவருக்கு மருது சகோதரர்கள் அடைக்கலம் கொடுத்தார்கள்"ங்கிற மாதிரி ஆரம்பிக்குதுன்னு வச்சுக்கோங்க. நாலாவதை மட்டும் தனியா சுருக்கினா, அந்த "அவர்" கட்டபொம்மன்னு எழுதிடுவோம். ஆனா கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16-லேயே கயத்தாறில் தூக்கிலிடப்பட்டுட்டார். அடைக்கலம் தேடி வந்தது அவர் தம்பி ஊமைத்துரை. 1801 பிப்ரவரியில பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினவர் அவர்தான்.

இதுக்கு வழி ரொம்ப எளிது. ஒரு துண்டை முடிச்சதும், "கடைசியா யாரைப் பத்திப் பேசிட்டிருந்தாங்க, விஷயம் எங்க நிக்குது"ன்னு ஒரே ஒரு வரி எழுதி, அதை அடுத்த துண்டோட தலையில வையுங்க. "அவர்", "இதனால்", "இதற்குப் பின்"னு எந்தத் துண்டு ஆரம்பிச்சாலும், அந்த வரியைப் பார்த்துப் பெயரையோ காரணத்தையோ முழுசா எழுதிடுங்க. எல்லாம் முடிஞ்சதும் இந்த இணைப்பு வரிகளை அடிச்சுடலாம்.

இன்னொரு கேள்வி வரும்: வரிசைன்னா எந்த வரிசை, ஆண்டு வரிசையா, புத்தக வரிசையா? இந்தப் பாடத்துல ரெண்டும் ஒண்ணு இல்லை. மருது சகோதரர்கள் 1801 அக்டோபர்ல தூக்கிலிடப்பட்டதோட அவங்க பகுதி முடியுது. அடுத்து வர்ற சின்னமலை கதை, 1799-ல திப்பு இறக்கிறதுக்கு முந்தின மைசூர்ப் போர்களுக்குத் திரும்பிப் போய், 1805-ல சங்ககிரியில முடியுது. ஆண்டுப்படி எல்லாத்தையும் கலந்து அடுக்கினா சின்னமலை மூணு துண்டா உடைஞ்சிடுவார். அவர் ஏன் ஆங்கிலேயரை எதிர்த்தார்ங்கிற இழையும் அறுந்துடும். அதனால உள்ளே புத்தக வரிசையை மாத்தாதீங்க. இடது ஓரத்துல ஒரு கோடு போட்டு ஆண்டை மட்டும் எழுதுங்க. தேர்வுல காலவரிசைக் கேள்வி வந்தா அந்த ஓரம் போதும்.

ஒரே விஷயம் ரெண்டு துண்டுல வந்தா? முதல்ல வந்த இடத்துல வச்சுக்கோங்க. ஆனா காரணத்தையும் விளைவையும் பிரிச்சுடாதீங்க. 1806-ல சிப்பாய்களோட தலைப்பாகை, சமயக்குறி, தாடி மேல வந்த புது விதிகள் ஒரு துண்டிலும், ஜூலை 10 வேலூர் எழுச்சி அடுத்த துண்டிலும் இருக்கலாம். உங்க குறிப்புல அது ரெண்டும் அடுத்தடுத்த வரியா இருக்கணும்.

கடைசியா சரிபார்க்கிறது. குறிப்போட ஒவ்வொரு வரிக்கும் பக்கத்துல பக்க எண் போட்டிருப்பீங்க இல்லையா? மேலிருந்து கீழே அந்த எண்களை மட்டும் படிங்க. ஏறிக்கிட்டே போகணும். நடுவுல எங்கயாவது இறங்குச்சுன்னா, அந்த வரி இடம் மாறி உட்கார்ந்திருக்கு. மூணு நாலு பக்கத்துக்கு எண்ணே காணோம்னா, ஒரு துண்டை விட்டுட்டீங்க. அப்புறம் ஓரத்து ஆண்டுகளைப் பாருங்க. 1799-ல இறந்தவர் 1801-ல ஏதாவது செய்யுறார்னா, ஒரு "அவர்" தப்பா போயிருக்கு.

குண்டனி நாட்டு நேயருக்கு ஒரு யோசனை. சிக்னல் இருக்கிற நேரத்துல அஞ்சு துண்டையும் முழுசா இறக்கி வச்சுக்கோங்க. மத்ததெல்லாம் பேனாவும் தாளும் வச்சே முடியும். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.