சில்லறைப் பெட்டியும் காசேடும்
(சங்க மாதாந்தக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட பேச்சு)



இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. ஒரு கடையிலே நாள்தோறும் செலவாகும் சில்லறைக் காசைப் பற்றியது. நாட்டாமைக்குக் கூலி, பஸ்ஸுக்குக் காசு, வேலையாட்களுக்குத் தேநீர், வெள்ளிக்கிழமைப் பூசைக்குப் பூவும் கற்பூரமும் என்று கொடுக்கும் காசுக்கு எப்படிச் சீட்டெழுதுவது, அதைக் காசேட்டுடன் எப்படி ஒப்பிடுவது என்பதே பேச்சு. கடையில் வேலைக்கு அமரும் வாலிபனிடம் முதலில் ஒப்படைக்கப்படுவது பெரும்பாலும் இந்தச் சில்லறைப் பெட்டிதான். அவன்மீது பழி விழுவதும் அதனால்தான்.

முதலில், சீட்டே இல்லாத கடையில் நடப்பதைப் பார்ப்போம். லொறி வந்து நிற்கிறது. மூட்டை இறக்கிய நாட்டாமைக்கு 1,200 ரூபா கொடுக்க வேண்டும். முதலாளி விற்பனைக் காசு விழும் லாச்சியைத் திறந்து கொடுத்துவிடுகிறார். ஒருவரும் எழுதவில்லை. மாலையில் லாச்சியிலே 38,800 ரூபா இருக்கிறது. அதையே அன்றைய விற்பனை என்று காசேட்டில் எழுதுகிறார்கள். உண்மையான விற்பனையோ 40,000. விற்பனையும் 1,200 குறைந்தது, செலவும் 1,200 மறைந்தது. இலாபத் தொகை மாறவில்லையே என்று சிலர் சொல்வர். தொகை மாறவில்லைத்தான். ஆனால் வருஷம் முழுவதும் ஏற்றுக்கூலிக்கு என்ன போனது என்று அந்தக் கடைக்காரருக்குத் தெரியாது. அதைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு. லாச்சியிலிருந்து 1,200 கூலிக்குப் போயிற்றா, 2,000 போயிற்றா என்று சொல்லச் சாட்சி இல்லை. களவு நடந்தாலும் பிடிபடாது. நடக்காவிட்டாலும் சந்தேகம் தீராது.

இதற்குப் பரிகாரமாக வர்த்தகர்கள் கைக்கொண்டது கட்டுநிதி முறை. பெயர் பெரிதாக இருந்தாலும் காரியம் எளிது. விற்பனை லாச்சியோடு சேராத ஒரு தனிப் பெட்டியிலே ஒரு தொகையை முதலில் வைத்துவிடுவது. 10,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தொகை மாறாது. பெட்டியிலிருந்து காசு வெளியே போகும்போதெல்லாம் அதன் இடத்தில் ஒரு சீட்டு உள்ளே வரவேண்டும். கடைக்காரர் இதை வவுச்சர் என்பர். வர்த்தகப் பாடநூல் உறுதிச்சீட்டு என்னும். ஆகவே எந்த நாளில், எந்த நேரத்தில் பெட்டியைத் திறந்தாலும், உள்ளே இருக்கும் காசும் சீட்டுகளின் தொகையும் சேர்ந்து 10,000 ஆக வேண்டும். இந்த ஒன்றை மனத்தில் வைத்தால் மற்றதெல்லாம் தானே விளங்கும்.

சீட்டிலே என்ன இருக்க வேண்டும்? அச்சடித்த தொடர் இலக்கம், திகதி, எதற்காகக் கொடுத்தது, தொகை இலக்கத்திலும் எழுத்திலும், காசு பெற்றவர் கையொப்பம், அனுமதித்தவர் கையொப்பம். வாங்கிய கடையிற் சிட்டை தந்தால் அதைச் சீட்டின் பின்னே குத்திவிட வேண்டும். பூக்காரி சிட்டை தரமாட்டாள். அப்படியான இடத்திலே வாங்கப் போனவர் சீட்டில் ஒப்பமிட, முதலாளியும் அதே நாளில் தம் சுருக்கொப்பத்தை இடவேண்டும். எழுதுகையிற் பிழைத்த சீட்டைக் கிழித்து எறியக் கூடாது. குறுக்கே கோடிட்டு, "இரத்து" என்று எழுதி, கட்டிலேயே வைத்திருக்க வேண்டும். நடுவிலே ஓர் இலக்கம் காணாமற் போனால், அது பிழைத்த சீட்டா, மறைத்த சீட்டா என்று பின்னர் எவராலும் சொல்ல முடியாது.

இனி எமக்குத் தெரிந்த ஒரு பலசரக்குக் கடையில் நடந்ததைச் சொல்லுவோம். பெட்டி ஒரு வாலிபனிடம் இருந்தது. வேலைக்கு வந்து இரண்டு மாதம். கிழமை முடிவிலே சனிக்கிழமை மாலை பெட்டியை ஒப்பிட்டார்கள். அந்தக் கிழமையில் ஏழு சீட்டுகள், 41 முதல் 47 வரை. நாட்டாமைக் கூலி 1,200. தேநீர் 360. பஸ் கட்டணம் 180. மின்குமிழும் வயர் ஒட்டும் நாடாவும் 470. சரக்கேற்றிய ஓட்டோவுக்கு 1,500. பூசைச் சாமான் 650. விளக்குமாறும் சவர்க்காரமும் 820. கூட்டினால் 5,180. ஆகவே பெட்டியில் 4,820 ரூபா இருக்க வேண்டும். எண்ணினால் 4,550 தான் இருந்தது. 270 ரூபா குறைவு.

முதலாளி மூன்று தரம் எண்ணினார். பின்பு வாலிபனைப் பார்த்தார். "பெட்டித் திறப்பு உன்னிடந்தானே இருந்தது?" என்றார். அவ்வளவுதான் கேட்டார். ஆனால் கடையிலிருந்த எல்லோருக்கும் அதன் பொருள் விளங்கியது. அந்தப் பிள்ளை தன் சட்டைப் பையிலிருந்த காசை எடுத்து வைக்கப் போனான். அங்கே நெடுங்காலம் கணக்கெழுதிய கணக்கப்பிள்ளை அவன் கையைத் தடுத்தார். "தம்பி, காசை உள்ளே வையும். முதலிலே சீட்டுக்கட்டைக் கொண்டுவாரும்" என்றார்.

அவர் காசை மறுபடி எண்ணவில்லை. 270ஐ ஒன்பதால் வகுத்துப் பார்த்தார். மீதியின்றி முப்பது வந்தது. அடுத்தடுத்துள்ள இரண்டு இலக்கங்கள் இடம் மாறி எழுதப்பட்டால், வரும் வித்தியாசம் எப்பொழுதும் ஒன்பதால் மீதியின்றி வகுபடும். 74ஐ 47 என்று எழுதினால் வித்தியாசம் 27. 52ஐ 25 என்று எழுதினாலும் 27. 91ஐ 19 என்று எழுதினால் 72. இவ்வாறு வகுபட்டால் இலக்கம் மாறியதுதான் காரணம் என்று முடிவுகட்டக் கூடாது. வேறு காரணத்தாலும் அத்தொகை வரலாம். ஆனால் முதலில் எங்கே தேடுவது என்பதை அது காட்டும்.

ஆகவே கணக்கப்பிள்ளை ஒவ்வொரு சீட்டையும் பின்னே குத்திய சிட்டையோடு வைத்துப் பார்த்தார். 44ஆம் இலக்கச் சீட்டிலே 470 என்றிருந்தது. இரும்புக்கடைச் சிட்டையிலே 740 என்றிருந்தது. பெட்டியிலிருந்து போனது 740. சீட்டில் விழுந்தது 470. வித்தியாசம் 270. அந்தச் சீட்டில் எழுத்தால் எழுதும் வரி வெறுமையாக இருந்தது. "எழுநூற்று நாற்பது" என்று எழுதப்போகும் கை இலக்கத்தைப் புரட்டியிருந்தால், அந்த இடத்திலேயே பிழை தெரிந்திருக்கும். இலக்கத்தை மட்டும் எழுதிவிட்டு அந்த வரியை விடுவதை வேகம் என்று நினைக்கிறோம். அந்த வேகம் ஒரு பிள்ளையின் பெயரை ஒரு மாலைப்பொழுது முழுவதும் தொங்கவிட்டது.

அவன் சட்டைப் பையிலிருந்து 270ஐ வைத்திருந்தால் என்ன ஆகும் என்றும் யோசிப்போம். பெட்டி சரிவந்திருக்கும். கடையின் செலவு 270 குறைவாக எழுதப்பட்டிருக்கும். குற்றமற்றவன் தானே குற்றத்தை ஒப்புக்கொண்டதாகவும் ஆகியிருக்கும். ஆதலால் பெட்டி வைத்திருக்கும் இளைஞர்களுக்கு ஒன்று சொல்வோம். குறைந்தாற் சொந்தக் காசைப் போட்டு நிரப்பாதீர்கள். கூடினால் எடுத்து ஒளிக்காதீர்கள். தேடியும் காரணம் காணாவிட்டால், "காசுக் குறைவு" என்றோ "காசுக் கூடுதல்" என்றோ சீட்டெழுதி முதலாளியின் ஒப்பத்தை வாங்குங்கள். ஒரு கிழமை குறைந்தால் அது தவறு. கிழமைதோறும் குறைந்தால் அதற்குக் காரணம் வேறு. எழுதி வைத்தாலன்றி இந்த இரண்டையும் பிரித்தறிய முடியாது.

இனிக் காசேட்டுக்கு வருவோம். சீட்டைத் திருத்தி, இருவரும் ஒப்பமிட்ட பின் தொகை 5,450 ஆயிற்று. பெட்டியில் 4,550. இரண்டும் சேர்ந்து 10,000. அப்பொழுது பெரிய காசிலிருந்து சரியாக 5,450 ரூபாவைப் பெட்டிக்குக் கொடுக்கிறார்கள். பெட்டி மறுபடி 10,000 ஆகிறது. காசேட்டின் கொடுப்பனவுப் பக்கத்திலே அந்த 5,450 ஒரு தரம் எழுதப்படுகிறது. சீட்டுகளைக் கொண்டு அது செலவுவாரியாகப் பிரிக்கப்படுகிறது. நாட்டாமையும் ஓட்டோவும் சேர்ந்து ஏற்றுக்கூலி 2,700, பஸ் 180, தேநீர் 360, மின்சாமான் 740, பூசை 650, துப்புரவு 820. இவற்றின் கூட்டு 5,450 வருகிறதா என்று பார்ப்பதே சீட்டைக் காசேட்டுடன் ஒப்பிடும் கடைசிப் படி.

இங்கேதான் பலர் இடறுகிறார்கள். நாட்டாமைக்குக் கொடுத்த அன்றே காசேட்டில் 1,200 என்று எழுதிவிடுகிறார்கள். சனிக்கிழமை பெட்டியை நிரப்பும்போது 5,450 என்றும் எழுதுகிறார்கள். ஒரே கூலி இரண்டு தரம் செலவாகிவிடுகிறது. காசேட்டு மீதி கைக்காசைவிடக் குறைந்து நின்றால், முதலில் இந்தப் பிழை உண்டா என்று பாருங்கள். பெட்டியை நிரப்பியவுடன் ஒவ்வொரு சீட்டிலும் அதன் பின்னுள்ள சிட்டையிலும் "கொடுபட்டது" என்று முத்திரை குத்த வேண்டும். இல்லாவிடின் அதே இரும்புக்கடைச் சிட்டை அடுத்த மாதம் வேறொரு சீட்டின் பின்னே மறுபிறவி எடுக்கும்.

பெரியோர்கள் பொறுத்துக்கொள்வார்களாயின் இன்னொன்றும் சொல்லலாம். பெட்டியைக் குலைப்பது எப்போதும் வேலையாள் அல்லன். முதலாளியே வந்து, "ஓர் ஆயிரம் தா, நாளைக்குத் தருகிறேன்" என்று வாங்கிப் போவார். சீட்டுக் கேட்கப் பிள்ளைக்கு நா எழாது. நாளை வந்ததும் அவருக்கு மறந்துவிடும். சனிக்கிழமை குறைவு அந்தப் பிள்ளையின் தலையில் விழும். ஆகவே முதலாளியும் சீட்டில் ஒப்பமிட்டே எடுக்க வேண்டும். அது கடைச் செலவன்று. அவர் சொந்தத்துக்கு எடுத்தது என்று தனியாக எழுதப்பட வேண்டும். முதலாளி தாமே ஒரு முறை பேனாவை எடுத்து ஒப்பமிட்டால், அதன்பின் கடையிலே எவரும் சீட்டில்லாமற் காசு கேட்கமாட்டார்.

இவ்வளவும் செய்தும் இந்த முறைக்கு ஓர் எல்லை உண்டு. ஓட்டோக்காரருக்கு 1,200 கொடுத்துவிட்டு 1,500 என்று சீட்டெழுதினால், 300 ரூபா பைக்குள் போகும். பெட்டி அப்பொழுதும் சரிவரும். காசும் சீட்டும் ஒத்து நிற்பது கூட்டலின் உண்மையை மட்டுமே காட்டும். சீட்டு சொல்லும் செய்தியின் உண்மையைக் காட்டாது. அதைக் காட்டுவது காசு பெற்றவரின் ஒப்பமும், சிட்டையும், அதே தூரத்துக்குச் சென்ற கிழமை என்ன கொடுத்தோம் என்று புரட்டிப் பார்க்கும் பழக்கமுமே. சனிக்கிழமை மட்டும் எண்ணாமல், புதன்கிழமை பத்து மணிக்கும் சொல்லாமற் கொள்ளாமல் ஒரு தரம் எண்ணிப் பார்ப்பதும் நல்லது. பெட்டி வைத்திருப்பவன் அதை அவமானமாக எண்ண வேண்டியதில்லை. எண்ணிச் சரிவந்த ஒவ்வொரு தரமும் அது அவன் பக்கத்துச் சாட்சி.

அந்தக் கடையில் அன்று மாலை முதலாளி வேறொன்றும் பேசவில்லை. 44ஆம் சீட்டிலே பிழையான தொகையைக் கோடிட்டுச் சரியானதை எழுதி, அருகே தம் ஒப்பத்தை இட்டார். பிறகு சீட்டுக்கட்டை அந்தப் பிள்ளையிடமே திருப்பிக் கொடுத்தார். அடுத்த திங்கட்கிழமை எழுதிய 48ஆம் சீட்டை நாம் பார்த்தோம். தேநீர் 360 ரூபா. அதன் கீழே அழுத்தமான கையெழுத்தில், "ரூபா முந்நூற்று அறுபது மாத்திரம்" என்று எழுதியிருந்தது.