கொய்யாக் கன்றுக்கு முதல் வெட்டு

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)

நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சவ. மைக்கில் பேசிப் பழக்கம் இல்லை. எங்க வீட்டுக் கொல்லையில் ரெண்டு கொய்யாக் கன்று வச்சு நான் கத்துக்கிட்டதை மட்டும் சொல்றேன்.

மூணு வருஷத்துக்கு முன்னாடி புரட்டாசி மாசம், லக்னோ 49 ரகத்தில் ரெண்டு பதியன் கன்று வாங்கிட்டு வந்து நட்டோம். நம்ம திருமழபாடி கொள்ளிடக்கரை மண்ணு, கன்று சுருக்கா வளர்ந்துடும். ஒரு வருஷத்தில் ரெண்டும் என் தலைக்கு மேலே போயிடுச்சு. ஒல்லியா, குச்சி மாதிரி, கிளையே இல்லாமல் நேராப் போச்சு. எங்க அத்தைக்கு ரொம்பச் சந்தோஷம். எனக்கு மட்டும் கவலை. ஏன்னா, கவாத்து பத்தி ஒரு பயிற்சியில் சொன்னது என் மனசில் இருந்தது.

அதில் சொன்ன முக்கியமான விஷயம் இதுதான். கொய்யா, பழைய கிளையில் பூக்காது. புதுசா விடுற தளிர்க்குச்சியில், இலைக் கக்கத்தில்தான் பூக்கும். நம்பிக்கை இல்லைன்னா வீட்டுக்குப் போய் மரத்தைப் பாருங்க. கொய்யாவோட புதுக் குச்சி பச்சையா, உருண்டையா இல்லாமல் நாலு பட்டையா இருக்கும். முதிர்ந்த குச்சி பழுப்பா உருண்டுடும். மொட்டு எதில் இருக்குன்னு பாருங்க. அந்த நாலு பட்டைக் குச்சியில்தான் இருக்கும். அப்போ புதுக் குச்சி எத்தனையோ அத்தனைக்குத்தான் காய். நுனியை வெட்டினால் பக்கத்தில் புதுக் குச்சி விடும். வெட்டாமல் விட்டால் நுனி மட்டும் மேலே மேலே போகும், காயும் மேலேயே போயிடும்.

கத்தரியை எடுத்துக்கிட்டுப் போனதும் அத்தை வந்து தடுத்துட்டாங்க. "ஒரு வருஷம் தண்ணி ஊத்தி வளர்த்ததை வெட்டிப் போடுறியா?"ன்னு கோபப்பட்டாங்க. அவங்ககிட்ட எதிர்த்துப் பேச முடியலை. கடைசியில், "உனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு"ன்னு பேசி முடிச்சோம். கிழக்கே இருந்த கன்று என்னுது. மேற்கே இருந்தது அவங்களோடது, அதில் யாரும் கை வைக்கக் கூடாது.

என் கன்றை தரையில் இருந்து ரெண்டரை அடி உயரத்தில், அதாவது இடுப்புக்குக் கொஞ்சம் கீழே, வெட்டிட்டேன். ஒரு கணுவுக்கு மேலே கால் விரற்கடை விட்டு, தண்ணி நிக்காதபடி கொஞ்சம் சரிவா வெட்டணும். கணுவுக்கு மேலே நீளமா விட்டால் அந்தத் துண்டு காய்ஞ்சு உள்ளே அழுகல் இறங்கும். வெட்டுக்குக் கீழே இருக்கிற இலைகளை உருவிடாதீங்க. புதுத் தளிர் வர்ற வரைக்கும் கன்றுக்குச் சாப்பாடு அதில்தான். அடைமழை பெய்யும்போது வெட்டக் கூடாது. நான் மழை பிடிக்கிறதுக்கு முன்னாடியே வெட்டிட்டு, வெட்டுவாயில் சாணியும் களிமண்ணும் குழைச்சுப் பூசினேன்.

மூணு வாரத்தில் சுத்தியும் தளிர் விட்டது. எல்லாத்தையும் விடக் கூடாது. முழங்காலுக்குக் கீழே வந்ததை எல்லாம் கிள்ளிட்டேன். மேலே வந்ததில் மூணு மட்டும் வச்சேன். எப்படிப் பார்த்து வச்சேன்னா, ஒவ்வொண்ணும் வேற திசையில் போகணும். மூணும் ஒரே இடத்தில் இருந்து கிளம்பாமல் நாலு விரல் இடைவெளி விட்டு மேலும் கீழுமா இருக்கணும். தண்டோடு ஒட்டி நேரா நிக்கிற கிளையை விட, கையை விரிச்ச மாதிரி அகலமாப் போற கிளைதான் காய் பாரம் தாங்கும். ஒட்டி நிக்கிற கிளையில் ரெண்டு பட்டையும் நடுவில் மாட்டிக்கிட்டு, உள்ளே சரியாச் சேராது. பாரம் ஏறினால் அங்கேதான் பிளக்கும்.

என் மூணு கிளையில் ஒண்ணு நேரா எழும்பிச்சு. அதை வெட்டலை. பழைய சேலையைக் கிழிச்சு, அந்தக் கிளையை மெதுவா வளைச்சு, தரையில் முளைக்குச்சி அடிச்சுக் கட்டினேன். கயிறு கட்டினால் பட்டையை அறுத்துடும். ரெண்டு மாசம் கழிச்சு அவிழ்த்தேன், வளைஞ்சபடியே நின்னுடுச்சு. வளைச்ச கிளையில் ஒவ்வொரு கணுவிலும் தளிர் விடும், அது இன்னொரு லாபம்.

மாசி மாசம் மூணு கிளையும் ஒரு முழத்துக்கு மேலே வந்தது. ரெண்டாவது வெட்டு அப்போதான். ஒவ்வொண்ணையும் ஒரு சாண் விட்டு நுனியை வெட்டினேன். வெட்டினதும் தண்ணி விட்டு, பத்து நாள் கழிச்சு மட்கிய எரு வச்சேன். ஒரு கிளைக்கு ரெண்டு மூணா, மொத்தம் எட்டுப் புதுக் குச்சி வந்தது. சித்திரையில் பூ எடுத்தது. இங்கேதான் எனக்கே மனசு வரலை. ஆனாலும் பிஞ்சு சுண்டைக்காய் அளவு ஆனதும், குச்சிக்கு ஒண்ணு வச்சுட்டு மீதியைக் கிள்ளிட்டேன். ரெண்டு வயசுக் கன்றுக்கு எல்லாத்தையும் பெருக்க வைக்கத் தெம்பு இருக்காது.

அத்தை மரத்திலும் பூ வந்தது. உச்சியில் கொத்துக் கொத்தா முப்பது காய்க்கு மேலே இருக்கும். என் மரத்தில் எட்டு. அத்தை போறவங்க வர்றவங்ககிட்ட எல்லாம் காட்டினாங்க. அந்த மரம் மேலே போய் ரெண்டு கவையாப் பிரிஞ்சு, ரெண்டும் ஒட்டி நின்னது. ஆடிக் காத்து அடிச்ச ஒரு ராத்திரி, காய் எலுமிச்சை அளவு இருக்கும்போதே, அந்தக் கவை பிளந்து பாதி மரம் கீழே கிடந்தது. காலையில் அத்தை அதைப் பார்த்துட்டு ஒண்ணும் பேசலை. எனக்கும் வாயே வரலை.

அன்னிக்கு சாயந்திரம் அவங்களே கூப்பிட்டு, "இதையும் பாரு"ன்னாங்க. பிளவுக்குக் கீழே, நல்ல பட்டை இருக்கிற இடமாப் பார்த்து, ரெண்டரை அடியில் வெட்டினோம். அது பெரிய காயம், சாணி போதாது. நூறு கிராம் மயில்துத்தத்தை அரை லிட்டர் தண்ணியிலும், நூறு கிராம் சுண்ணாம்பை அரை லிட்டர் தண்ணியிலும் தனித்தனியா பிளாஸ்டிக் வாளியில் கரைச்சு, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊத்திக் கலக்கணும். இரும்புக் கத்தியை நனைச்சுப் பார்த்து, செம்பு நிறம் படிஞ்சால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்க்கணும். இதுதான் போர்டோ பசை. அன்னிக்கே பூசிடணும், பிள்ளைங்க கையில் படக் கூடாது.

என் மரத்து எட்டுக் காயும் ஆவணிக் கடைசியில் பழுத்தது. கிலோவுக்கு நாலு நின்னது. நின்ன இடத்தில் இருந்தே கையால் பறிச்சேன், தொரட்டி வேண்டியிருக்கலை. முதல் பழம் அத்தைக்குத்தான் கொடுத்தேன்.

இனிமேல் இது வருஷா வருஷ வேலை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்ற கணக்கு, பிப்ரவரி-மார்ச்சில் ஒரு தடவை, செப்டம்பர்-அக்டோபரில் ஒரு தடவை, போன பருவத்து நுனிக் குச்சியை வெட்டுறது. நம்ம மாசி, புரட்டாசின்னு வச்சுக்கலாம். நடுவில் கணு தள்ளித் தள்ளி, தடியா, நெட்டுக்குத்தா எழும்புற போத்துக் குச்சியை மட்டும் எப்போ பார்த்தாலும் எடுத்துடுங்க. அது காய்க்காது, உள்ளே வெயில் விழாமல் மறைக்கும். தண்ணி விட வழியில்லாத காலத்தில் மட்டும் வெட்டாதீங்க, தளிர் வராமல் கிளை காய்ஞ்சுடும்.

அத்தை மரமும் இப்போ மூணு கிளையோட நிக்குது. இந்த மாசியில் அதுக்கு நுனி வெட்டணும். கத்தரியை அத்தையே எடுத்து வச்சிருக்காங்க. பார்க்கணும்னு நினைக்கிறவங்க அன்னிக்கு வாங்க.