மணியா, கம்பியா?



டில்லியில் குரங்குத் தொல்லை எல்லோருக்கும் தெரியும். குரங்குகளைப் பிடித்து அசோலா பட்டி காட்டில் விடும்படி 2007-ஆம் ஆண்டில் டில்லி உயர் நீதிமன்றமே உத்தரவிட வேண்டியிருந்தது. கையில் பழப் பையைக் கண்டால் குரங்கு பாய்ந்து வருகிறது. இதை அதற்கு யார் கற்றுக் கொடுத்தார்கள்?

விடை ஒரு பாடப் புத்தகத்தில் இருக்கிறது. டில்லியில் உள்ள தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழு பதினோராம் வகுப்புக்கு உளவியல் புத்தகம் வெளியிட்டுள்ளது. அதில் ‘கற்றல்’ பற்றி ஒரு பாடம் உண்டு. அந்தப் பாடத்தில் இரண்டு சோதனைகள் வருகின்றன. ஒன்று நாயை வைத்துச் செய்தது. மற்றொன்று எலியை வைத்துச் செய்தது.

நாயை வைத்துச் சோதித்தவர் பாவ்லோவ். ரஷ்ய நாட்டுக்காரர். உணவு செரிப்பதைப் பற்றி ஆராய்ந்து 1904-இல் நோபல் பரிசு பெற்றவர். சாப்பாடு வாய்க்கு வரும் முன்பே நாய்க்கு எச்சில் ஊறுவதை அவர் கவனித்தார். ஆகவே நாயை வார் போட்டு நிறுத்தினார். அதன் தாடையில் சிறு துளை இட்டு ஒரு குழாயைப் பொருத்தினார். ஊறும் எச்சில் குழாய் வழியாக ஓர் அளவுக் கண்ணாடியில் விழும். மணி அடித்தார். உடனே இறைச்சித் தூள் கொடுத்தார். சில நாள் இப்படியே நடந்தது. பிறகு மணியை மட்டும் அடித்தார். சாப்பாடு இல்லை. ஆனாலும் எச்சில் ஊறியது!

எலியை வைத்துச் சோதித்தவர் ஸ்கின்னர். அமெரிக்கர். ஒரு பெட்டி, அதன் சுவரில் ஒரு சிறு கம்பி. கம்பியை அழுத்தினால் உணவு உருண்டை ஒன்று தட்டில் விழும். பசித்த எலியை உள்ளே விட்டார். எலி முகர்ந்தது, சுவரைப் பிறாண்டியது, சுற்றிச் சுற்றி வந்தது. ஒரு முறை தற்செயலாகக் கம்பியை அழுத்தியது. உருண்டை விழுந்தது. தின்றுவிட்டு மறுபடி சுற்றியது. மறுபடியும் அழுத்தியது. போகப் போகச் சுற்றுவது குறைந்தது. கடைசியில், பெட்டிக்குள் விட்டதுமே நேராகக் கம்பிக்குப் போனது.

முதல் வகைக்கு ஆக்கநிலையிறுத்தம் என்று பெயர். இரண்டாவது செயல்படு ஆக்கநிலையிறுத்தம். பெயர்கள் நாக்கைச் சுழற்றுகின்றன. மணிப் பழக்கம், கம்பிப் பழக்கம் என்றே வைத்துக்கொள்வோம்.

படிக்கும் பிள்ளைகள் இங்கேதான் குழம்புகிறார்கள். நாய்க்கும் சாப்பாடு கிடைத்தது, எலிக்கும் கிடைத்தது, இரண்டும் ஒன்றுதானே என்கிறார்கள். ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். அந்தப் பிராணி சும்மா இருந்திருந்தால் சாப்பாடு வந்திருக்குமா? நாய்க்கு வந்திருக்கும். அது தலையை ஆட்டினாலும் ஆட்டாவிட்டாலும் மணிக்குப் பின் இறைச்சித் தூள் உண்டு. எலிக்கு வந்திருக்காது. அது அழுத்தினால்தான் உண்டு.

இப்போது குரங்கிடம் வருவோம். ஓர் அம்மாள் பிளாஸ்டிக் பையில் வாழைப்பழம் வாங்கி வருகிறார். பை சலசலக்கிறது. பலமுறை அந்தச் சத்தத்தோடு பழத்தைக் கண்ட குரங்குக்கு வாய் ஊறலாம். இது மணி. பிறகு குரங்கு பல்லைக் காட்டிப் பாய்கிறது. அம்மாள் பயந்து பையைப் போடுகிறார். பழம் கிடைக்கிறது. இது கம்பி. பாயாமல் மரத்திலேயே இருந்திருந்தால் பழம் கிடைத்திருக்காது.

அம்மாளும் இரண்டையும் கற்கிறார். முன்பு ஒரு முறை குரங்கு கடித்திருந்தால், குரங்கைக் கண்டதுமே அவர் நெஞ்சு படபடக்கும். அது மணிப் பழக்கம். பையைப் போட்டதும் குரங்கு விலகிப் போகிறது, பயம் தீருகிறது. அந்த நிம்மதியே அவருக்கு உணவு உருண்டை. அடுத்த முறை இன்னும் சீக்கிரம் பையைப் போடுவார். குரங்கு அவரைப் பழக்குகிறது. அவர் குரங்கைப் பழக்குகிறார்!

பழக்கத்தை விடுவிப்பதிலும் இதே வேறுபாடு உண்டு. மணி மட்டும் அடித்து, சாப்பாடு வராமலே இருந்தால் நாயின் எச்சில் குறைந்துகொண்டே போகும். சில நாள் இடைவெளி விட்டு மணி அடித்தால், சிறிது மீண்டும் ஊறும். கம்பிப் பழக்கம் விடுபட, அழுத்தினாலும் உருண்டை விழக் கூடாது. அப்போது எலி சட்டென்று நிறுத்தாது. முதலில் வேகமாக, பலமாக அழுத்திப் பார்க்கும். குரங்கும் அப்படியே, பழம் கிடைக்காத முதல் நாட்களில் அதன் சீற்றம் கூடலாம். பயந்து பத்து முறைக்கு ஒரு முறை கொடுத்தாலும் பழக்கம் போகாது. எப்போதாவது கிடைக்கும் பழக்கம்தான் அதிக நாள் நீடிக்கிறது.

அதற்காகக் குரங்கோடு பையை இழுத்துப் போராட வேண்டாம். அது கடித்தால் வெறிநோய் வரக்கூடும். காயத்தைச் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் நீரில் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பழத்தைச் சலசலக்காத துணிப் பையில் போட்டு, வாயை இறுகக் கட்டிக்கொண்டு போவதே நல்லது. மணியும் ஒலிக்காது, கம்பியும் கைக்கு எட்டாது.