மூடும் நேரமும் திறக்கும் நேரமும்: கணினிச் சேவை அறிவிப்பில் தமிழ்



இன்றைய உரைக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. ஒரு கணினிச் சேவையைப் புதுப்பிப்பதற்காக முன்கூட்டியே திட்டமிட்டு நிறுத்திவைக்கும்போது, பயனர்களுக்கு நான்கைந்து வரியில் ஓர் அறிவிப்பு வரும். எப்போது நிறுத்தப்படும், எப்போது மீளும் என எதிர்பார்க்கப்படுகிறது, அதுவரை எவையெவை இயங்காமல் இருக்கும் என்ற மூன்று செய்திகளே அதில் இருக்க வேண்டியவை. மூன்றும் எளியனவாகத் தோன்றுகின்றன. ஆயினும் நம் நாட்டில் இவ்வறிவிப்பு பெரும்பாலும் மலாயில் பிறந்து, பிறகு யாரோ ஓர் ஆசிரியரின் கையால் தமிழாகிப் புலனக் குழுவை அடைகிறது. அந்த வழியில் எங்கே பொருள் நழுவுகிறது என்பதையே ஆராய விரும்புகிறேன்.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனையாக அமைத்துக்கொள்வோம். உலு சிலாங்கூர் மாவட்டத்துக் கெர்லிங்கில் ஒரு தமிழ்ப்பள்ளி. மாணவர் மதிப்பெண்களை இயங்கலையில் பதிய வேண்டும். ஞாயிற்றுக்கிழமையோடு கெடு முடிகிறது. அவ்வேளையில் ஒரு மலாய் அறிவிப்பு வருகிறது: 'மாலாம் அஹாட்' பத்து மணி முதல் 'பாகி' ஆறு மணி வரை பராமரிப்பு. அஹாட் என்றால் ஞாயிறு, மாலாம் என்றால் இரவு, பாகி என்றால் காலை. ஆகவே ஆசிரியர் 'ஞாயிறு இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை' என்று எழுதி அனுப்புகிறார். ஒவ்வொரு சொல்லும் சரி. முழுமையோ இருபத்து நான்கு மணி நேரம் பிழை.

காரணம் மொழியில் மட்டும் இல்லை. நாள் எப்போது பிறக்கிறது என்ற வழக்கத்தில் இருக்கிறது. இசுலாமிய நாட்கணக்கில் கதிரவன் மறைந்ததும் அடுத்த நாள் பிறந்துவிடும். அதனால் மரபான மலாயில் 'மாலாம் ஜுமாஅட்' என்பது வெள்ளியை நோக்கிச் செல்லும் இரவு, அதாவது நம் வியாழன் இரவு. அவ்வாறே 'மாலாம் அஹாட்' நம் சனி இரவு. 'அஹாட் மாலாம்' என்று சொற்களை இடம் மாற்றினால்தான் அது ஞாயிறு இரவாகும். இக்கால இளைஞர் இவ்வேறுபாட்டை எப்போதும் பேணுவதில்லை என்பது உண்மையே. ஆனால் அதனால் குழப்பம் கூடுகிறதேயொழியக் குறைவதில்லை; ஒரே தொடரை மூத்தவர் ஒருவர் சனி என்றும் இளையவர் ஒருவர் ஞாயிறு என்றும் படிப்பர்.

தமிழர் கணக்கு இதற்கு எதிர்த்திசையில் நிற்கிறது. நம் பஞ்சாங்க நாள் ஞாயிறு எழுகையில் தொடங்குகிறது. சிறுபொழுதுகளை எண்ணிப் பாருங்கள்: இரவு பத்து முதல் இரண்டு வரை யாமம், இரண்டு முதல் ஆறு வரை வைகறை. கடிகாரத்தின் பன்னிரண்டு மணி யாமத்தின் நட்டநடுவே விழுகிறது; அங்கே தமிழில் எதுவும் முடிவதுமில்லை, தொடங்குவதுமில்லை. அதனால்தான் 'சனிக்கிழமை இரவு ஒரு மணிக்கு வந்தான்' என்று இயல்பாகச் சொல்கிறோம். கடிகாரத்தின்படி அது ஞாயிறு. ஆகக் கெர்லிங் போன்ற ஓர் ஊரில் மூன்று நாட்கணக்குகள் ஒரே திரையில் சந்திக்கின்றன: மாலையில் பிறக்கும் நாள், காலையில் பிறக்கும் நாள், நள்ளிரவில் பிறக்கும் நாள். கணினி மூன்றாவதை மட்டுமே அறியும்.

'சனிக்கிழமை நள்ளிரவு 12 மணி' என்ற தொடரை இதனாலேயே அறிவிப்பில் எழுதக்கூடாது என்பேன். அது சனி பிறக்கும் கணமா, முடியும் கணமா என்பதற்கு விடையே இல்லை. பழகிய நிறுவனங்கள் 11.59 என்றோ 12.01 என்றோ எழுதுவது பகட்டன்று. நாளின் எல்லையைத் தொடாமல் விலகி நிற்கும் உத்தி. மலாயில் 'இரண்டு மணி பாகி' என்று வருவதைக் 'காலை 2 மணி' என்று பெயர்ப்பதும் தமிழ்க் காதுக்கு ஒட்டாது. 'அதிகாலை 2 மணி' என்று எழுதி, அதனோடு கிழமையையும் தேதியையும் சேர்த்துவிட்டால் போதும். கிழமை மட்டும், அல்லது தேதி மட்டும் போதாது. இரண்டும் இருந்தால் ஒன்று மற்றொன்றுக்குச் சான்றாகும். எழுதியவர் தவறியிருந்தாலும் படிப்பவருக்குத் தெரிந்துவிடும்.

'வார இறுதியில்' என்ற தொடரையும் இங்கேயே ஒதுக்கிவிடலாம். சிலாங்கூரில் அது சனி, ஞாயிறு. கெடாவிலும் கிளந்தானிலும் திரெங்கானுவிலும் வெள்ளி, சனி. தமிழகத்து உறவினரும் பயன்படுத்தும் சேவையாயின் எந்நாட்டு நேரம் என்றும் குறிக்க வேண்டும். இந்திய நேரம் நமக்கு இரண்டரை மணி பின்தங்கியது. நமக்கு ஞாயிறு அதிகாலை 2 மணியாகும்போது அவர்களுக்குச் சனி இரவு 11.30. நம் தீபகற்பத்திலேயே 1981ஆம் ஆண்டின் கடைசி இரவில் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளினோம் என்பது மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். நேரம் என்பது ஊரார் கூடி ஒப்புக்கொண்ட ஓர் ஏற்பாடு. ஆதலால் எந்த ஏற்பாடு என்று சொல்லித்தான் ஆக வேண்டும்.

தொடக்கத்தைப் பற்றி இன்னொன்று. பத்து மணிக்கு நிறுத்தம் என்றால், 9.58க்கு மதிப்பெண்களைத் தட்டிக்கொண்டிருக்கும் ஆசிரியையின் நிலை என்ன? பொறியாளருக்குத் தொடக்கம் என்பது வழங்கியை நிறுத்தும் கணம். பயனருக்கோ கடைசியாகச் சேமிக்கக்கூடிய கணமே தொடக்கம். பக்கத்தை நிரப்பிவிட்டுப் பத்தாவது மணியில் 'சேமி' என்பதை அழுத்தினால் அவர் தட்டியது அனைத்தும் போய்விடக்கூடும். எனவே '9.45க்குள் சேமித்துவிடுங்கள்' என்ற வரியே உண்மையான தொடக்க அறிவிப்பு.

முடிவுக்கு வருவோம். வேலை நான்கு மணி நேரம் என்று கொள்வோம். பத்துக்குத் தொடங்கினால் இரண்டுக்கு முடியும். அப்படியானால் ஏன் ஆறு மணி என்று அறிவிக்கிறார்கள்? வேலை முடிந்ததும் சரிபார்க்க ஒரு மணி நேரம் வேண்டும், மூன்று மணி. சரிபார்ப்பில் பிழை தெரிந்தால் பழைய நிலைக்கே திரும்ப வேண்டும், அதற்கு இரண்டு மணி நேரம், ஐந்து மணி. எதிர்பாராததற்கு ஒரு மணி. ஆக ஆறு. வேலை வென்றாலும் தோற்றாலும் ஆறு மணிக்குச் சேவை இருக்கும் என்பதே இக்கணக்கின் நோக்கம். முன்னேறுவதா திரும்புவதா என்ற முடிவை மூன்று மணிக்கே எடுத்தாக வேண்டும். 'இன்னும் சற்று முயல்வோம்' என்று நான்கரை வரை இழுத்தால், திரும்பும் நேரமும் சேர்ந்து ஆறைத் தாண்டிவிடும்.

இதைத் தமிழில் சொல்லும்போது வினைமுற்று நம்மைக் காட்டிக்கொடுக்கிறது. 'காலை 6 மணிக்குச் சேவை செயல்படும்' என்கிறோம். இந்த '-உம்' ஈறு எதிர்காலத்தையும் காட்டும், வழக்கத்தையும் காட்டும். 'கதிரவன் கிழக்கே உதிக்கும்' என்பதில் உள்ள அதே உறுதி படிப்பவர் மனத்தில் ஏறிவிடுகிறது. மதிப்பீடு வாக்குறுதியாகிறது. 'செயல்படும் என எதிர்பார்க்கிறோம்' என்று எழுத இரண்டே சொற்கள் கூடுதல். அத்துடன், தாமதமானால் எத்தனை மணிக்கு அடுத்த செய்தி வரும் என்பதையும் சேர்த்தால் பயனர் நிமிடத்துக்கு ஒருமுறை திரையைத் தட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

பிரிட்டனில் டி.எஸ்.பி. வங்கி 2018 ஏப்ரலில் தன் ஏறத்தாழ 5.2 மில்லியன் வாடிக்கையாளரின் கணக்குகளைப் புதிய கணினி அமைப்புக்கு மாற்றியது. ஏப்ரல் 20, வெள்ளி மாலை 4 மணி முதல் 22, ஞாயிறு மாலை 6 மணி வரை இயங்கலை வங்கிச் சேவையும் பணப் பரிமாற்றமும் இருக்காது என முன்னரே அறிவித்திருந்தது. அறிவிப்பில் குறையில்லை. குறித்த நேரத்தையொட்டிச் சேவை திறக்கவும் செய்தது. ஆனால் நுழைந்தவர்களில் சிலருக்குப் பிறருடைய கணக்குகள் தெரிந்தன. மிகப் பலருக்கு நுழையவே முடியவில்லை. சில நாள்களில் 'இயங்குகிறது' என்று தலைமை கூறியபோதும் பலருக்கு இயங்கவில்லை. நிலைமை வழக்கத்துக்குத் திரும்பியது அவ்வாண்டு டிசம்பரில்தான். 2022 டிசம்பரில் ஒழுங்குமுறை அமைப்புகள் 48.65 மில்லியன் பவுண்டு தண்டம் விதித்தன. 'இயங்குகிறது' என்னும் வினைக்கு எழுவாய் யார் என்று இலக்கண மாணவர் கேட்க வேண்டிய இடம் இது. இயந்திரம் இயங்குவது வேறு. பயனரால் பணத்தை அனுப்ப முடிவது வேறு.

மூன்றாவது செய்தியில், அதாவது எவை இயங்கா என்பதில், இதே கேள்வி மீண்டும் எழுகிறது. 'சில சேவைகள் பாதிக்கப்படலாம்' என்ற வரியை எத்தனை முறை படித்திருப்பீர்கள்! '-லாம்' ஈறு 'நீ உள்ளே வரலாம்' என்பதில் இசைவு. 'மழை வரலாம்' என்பதில் ஐயம். வானிலை அறிஞர் ஐயுறலாம். தாமே திட்டமிட்டு நிறுத்துகிறவர் எதை நிறுத்துகிறோம் என்று ஐயுற இடமில்லை. அந்த '-லாம்' பொறுப்பிலிருந்து நழுவுவதற்கு இலக்கணத்தைத் துணைக்கு அழைக்கிறது.

உள்பகுதிகளின் பெயர்களைப் பட்டியலிடுவதும் பயனற்றது. 'தரவுத்தளம் நிறுத்தப்படும்' என்றால் ஆசிரியைக்கு என்ன புரியும்? தரவுத்தளத்தைப் படிக்க மட்டும் திறந்துவைத்திருந்தால், முன்பு பதிந்ததைப் பார்க்க முடியும், புதிதாகப் பதிய முடியாது. பார்த்தல், பதிதல், திருத்தல், அனுப்புதல் என்று அவர் செய்யும் வினைகளால் சொல்ல வேண்டும். நுழைவுச் சேவையை நிறுத்தினால் மட்டும் இக்கணக்கு தலைகீழாகும்: நுழைந்த பின்னரே கிடைப்பவை எல்லாம், தம்மளவில் பழுதில்லாதபோதும், புதிதாக வருபவருக்கு எட்டாமல் போகும்.

எதிர்மறை வினையிலும் ஒரு சிக்கல் உண்டு. செந்தமிழில் பன்மைக்கு 'இச்சேவைகள் இயங்கா' என்பதே முறை. நானும் இவ்வுரையில் அப்படியே சொன்னேன். ஆனால் கைப்பேசித் திரையில் விரைந்து படிப்பவர் அதை எச்சம் எனக் கருதி அடுத்த சொல்லைத் தேடுவார். அறிவிப்பில் ஒவ்வொரு செயலையும் ஒருமையில் தனித்தனியே கூறி 'முடியாது' என்று முடிப்பதே நன்று. இலக்கணம் காக்கப்படும், பொருளும் தவறாது.

தோட்டக் காலத்தில் தண்ணீர் நிற்கும் என்ற செய்தியைக் காலைப் பெரட்டில் வாய்மொழியாகச் சொல்லிவிடுவார்கள். விளங்காதவர் அங்கேயே கேட்டுக்கொள்வார். திரையில் வரும் அறிவிப்பிடம் கேட்க முடியாது. ஆகவே கெர்லிங் பள்ளியின் அறிவிப்பை இவ்வாறு மாற்றி எழுதிப் பார்த்தேன்:

"மதிப்பெண் பதிவுச் சேவை 2025 ஜூன் 14, சனிக்கிழமை இரவு 10.00 மணிக்கு (மலேசிய நேரம்) நிறுத்தப்படும். பதிந்தவற்றை 9.45க்குள் சேமித்துவிடுங்கள். மறுநாள் ஜூன் 15, ஞாயிறு காலை 6.00 மணிக்கு மீண்டும் செயல்படும் என எதிர்பார்க்கிறோம். தாமதமானால் காலை 5.30க்குப் புதிய நேரத்தைத் தெரிவிப்போம். இவ்வேளையில் மதிப்பெண்ணைப் பதிய முடியாது, திருத்த முடியாது, பெற்றோருக்கு அறிக்கை அனுப்ப முடியாது. முன்பு பதிந்ததைப் பார்க்க முடியும். பதிவுக் கெடு மாறவில்லை: ஜூன் 15, ஞாயிறு இரவு 11.59."

கடைசி வரி மலாய் மூலத்தில் இல்லாதது. ஆனால் அறிவிப்பைப் பெற்ற ஒவ்வோர் ஆசிரியரும் முதலில் தேடுவது அதைத்தான். ஆதலால் மொழிபெயர்ப்பவர் அலுவலகத்தைக் கேட்டுத் தெரிந்து சேர்க்க வேண்டும். சேவை திரும்பியதும் 'திறந்துவிட்டது' என்று மற்றொரு வரி அனுப்பி, பழைய அறிவிப்பை நீக்கிவிடுவதும் அவரது வேலையே. புலனத்தில் மேலே கிடக்கும் பழைய செய்தியை அடுத்த சனிக்கிழமையும் யாரேனும் படித்துவிட்டுக் காத்திருப்பர்.

இனி உங்கள் வினாக்களுக்கு வருகிறேன்.